கத்தரினா மாமியின் பொது நிறம்

எங்கள் கண்டக்குழியில் கறுப்பான பெண் ஒருத்திகூடக் கிடையாது. நம்பாதவர்கள் கத்தரினா மாமியிடம் கேட்டுப் பார்க்கலாம். கல்பிட்டிக் கரை முழுவதற்கும் கலியாணம் பேசுகிறவர் அவர்தான். அவருடைய அகராதியில் பெண்களுக்கு இரண்டே நிறங்கள்: வெள்ளை, பொது நிறம். வெள்ளை என்றால் வெள்ளை. பொது நிறம் என்றால் மற்ற எல்லாமும். கோதுமை மாவுக்குச் சற்றுக் கீழே தொடங்கி, வள்ளத்தின் அடியில் பூசும் தார் வரைக்கும் அதற்குள் அடங்கிவிடும்.

ஆண்களுக்கு நிறம் கிடையாது. அவர்களுக்குத் தொழில் இருக்கிறது.

என் அக்கா டயனா தாரின் பக்கமாக இருக்கும் பொது நிறம். கடலில் காய்ந்த அப்பாவின் நிறத்தை வீட்டுக்குள் இருந்தபடியே வாங்கி வந்தவள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். நாற்பது பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைப்பாள், ஸ்கூட்டியின் பிளக்கைத் தானே கழற்றித் துடைப்பாள், என்னைவிட நன்றாகப் பகிடி விடுவாள். இவற்றில் எதையும் மாப்பிள்ளை வீட்டார் யாரும் இதுவரை கேட்டதில்லை. வந்த சம்பந்தம் எல்லாமே முதல் கேள்வியோடு நின்றுபோயின. ஒரு வீட்டார் மட்டும் கொஞ்சம் தாராளமாக, நிறம் குறைந்தால் பரவாயில்லை, வள்ளத்துக்கு ஒரு புது எஞ்சின் போட்டுத் தாருங்கள் என்றார்கள். அக்காவுக்கும் வெள்ளைக்காரிக்கும் இடையில் உள்ள தூரம் ஓர் எஞ்சின் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா அந்த எஞ்சினைத் தன் வள்ளத்துக்கே போட்டுக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு வந்ததுதான் மாம்புரி ஊர்ச் சம்பந்தம். பெடியன் பெயர் றொகான், வள்ள எஞ்சின் திருத்துகிறவன். குடிக்க மாட்டான், பாட்டுக் கோஷ்டியில் கீபோட் வாசிப்பான். அக்காவுக்கு அவனை ஏற்கெனவே தெரியும். கரோல் காலத்தில் இரண்டு ஊர்க் கோஷ்டிகளும் சேர்ந்து பாடியபோது, ஒரு பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது என்று இருவரும் சண்டை பிடித்திருக்கிறார்கள். இந்தச் சம்பந்தம் வந்த அன்று அவள் போய் ஸ்கூட்டியைக் கழுவினாள். அது முன்பே கழுவிய ஸ்கூட்டி.

றொகானின் தாய் மெரினா, வழக்கப்படி முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறார். கத்தரினா மாமி வழக்கப்படி, "பொது நிறம்" என்று சொல்லியிருக்கிறார். பிறகு டவுன் ஸ்டூடியோவில் எடுத்த படத்தையும் அனுப்பியிருக்கிறார். அந்தப் படத்தில் ஸ்டூடியோக்காரன் ஊற்றிய வெளிச்சத்தில் அக்காவின் மூக்கு காணாமல் போயிருந்தது. இரண்டு கண்கள், ஒரு வாய், நடுவில் பெரிய நிலா.

அன்று பின்னேரமே மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். வெளிக் கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "நான் பொது நிறம் எண்டு சொல்லிப்போட்டன் புள்ள. அவவும் பாக்க ஓமெண்டிட்டா. அவ வாறதுக்குள்ள நீ எப்படியாவது அந்த நிறத்துக்கு வந்து சேந்திரு."

ஏதோ பஸ்ஸைப் பிடிக்கச் சொல்கிற மாதிரி.

அக்கா பஸ்ஸைப் பிடித்தாள். டவுனில் ஒரு பார்லரில், பெயர் போடாத சின்ன வெள்ளை டப்பாவில் ஒரு கிறீம் விற்கிறார்கள். என்ன சேர்த்திருக்கிறது என்று மூடியிலும் இல்லை, அடியிலும் இல்லை. இரவில் பூசிக் காலையில் கழுவ வேண்டும். இரண்டு கிழமையில் அவள் உண்மையிலேயே வெளுத்தாள். அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினார். அதற்கடுத்த கிழமைகளில் கன்னம் சிவந்தது, தோலுக்கு அடியில் மெல்லிய நரம்புகள் நூல் மாதிரி தெரிந்தன, நெற்றியில் பருக்கள் கிளம்பின. ஒரு நாள் பூசாமல் விட்டால் முகம் மிளகாய் அரைத்தது போல் எரிந்தது. எரிச்சல் தாங்காமல் திரும்பவும் பூசுவாள். எரிச்சல் உடனே அடங்கும். அதனால் அதை நல்ல மருந்து என்றே நினைத்தாள்.

இடது மணிக்கட்டில் இன்னும் கூடுதலாகப் பூசினாள். அதற்குக் காரணம் எங்கள் ஊர் வழக்கம். இந்தக் கரையில் வெயில் படாதவர் யாரும் இல்லை. எனவே, பெண்ணின் முகத்தைப் பார்த்து நிறத்தைத் தீர்மானிக்க அனுபவசாலிகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது வெயில் கறுப்பா, பிறவிக் கறுப்பா என்று அறிய அவர்கள் பார்ப்பது கை மணிக்கூட்டுப் பட்டிக்குக் கீழே உள்ள தோலை. மாப்பிள்ளையின் தாய் பெண்ணிடம் மணி கேட்பார். பெண் சொல்வாள். "நல்ல மணிக்கூடு, எங்க காட்டு" என்று கையைப் பிடித்துப் பட்டியை மெல்லத் தள்ளிப் பார்ப்பார். இது எல்லோருக்கும் தெரியும் என்பதால், சம்பந்தம் பேசத் தொடங்கியதும் பெண்கள் மணிக்கூட்டைக் கழற்றுவதில்லை. பற்றறி செத்துப்போனாலும் கட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் கலியாண வயதில் உள்ள பெண்ணிடம் மணி கேட்பது புத்தியான காரியம் அல்ல.

பிள்ளைகளுக்கு நிறை பார்க்கப் பாலர் பாடசாலைக்கு வந்த மிட்வைவ் நஃபீஸா மிஸ்தான் அக்காவின் முகத்தை முதலில் கவனித்தவர். டப்பாவை எடுத்துவரச் சொல்லி முகர்ந்து பார்த்துவிட்டு, கையோடு புத்தளம் ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே டொக்டர் சொன்னதை வீட்டில் வந்து எங்களுக்கும் விளக்கினார். இந்தப் பெயரில்லாத கிறீம்களில் பெரும்பாலும் கடுமையான ஸ்டீரொயிட் கலந்திருக்கும். அது தோலை வெளுக்கச் செய்யும், கூடவே மெலியவும் செய்யும். சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது தோலோடு நிற்காமல் சிறுநீரகம் வரை போகும். அதனால்தான் அக்காவின் சலத்தையும், அதாவது சிறுநீரையும், சோதிக்க எடுத்திருந்தார்கள். பட்டி போல இறுக்கி மூடிய இடத்தில் மருந்து இன்னும் ஆழமாக ஊறும். சட்டென்று நிறுத்தினால் எரியும். ஆகவே டொக்டர் கொடுத்த மெல்லிய களிம்புக்கு மாறி, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய தோல் திரும்ப மாதக்கணக்காகும். இடையில் முகம் முன்பைவிடக் கறுத்தும் தெரியலாம்.

கடைசி வசனத்தை மிஸ் சொல்லாமல் விட்டிருக்கலாம். அக்காவுக்கு மற்றது ஒன்றும் காதில் ஏறவில்லை. "மெரினா மாமி பாத்திட்டுப் போகட்டும் மிஸ், அதுக்குப் பிறகு நிப்பாட்டுறன்" என்றாள். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. களிம்பு அலுமாரிக்குள் போனது, டப்பா கட்டிலுக்கு அடியில் இருந்தது.

நஃபீஸா மிஸ் அதோடு விடவில்லை. தேவாலயப் பங்குச் சுவாமியிடம் போய், இதே டப்பாவால் வெந்த முகத்தோடு தன்னிடம் வந்திருக்கும் பெண்களைப் பற்றிச் சொன்னார். சுவாமி யோசித்துவிட்டு, வரப்போகும் மகளிர் தின விழாவில் இதைப்பற்றி ஒரு பேச்சு இருக்க வேண்டும் என்றார். பேச்சை யார் செய்வது? மாதர் சங்கத் தலைவி செய்ய வேண்டும். மாதர் சங்கத் தலைவி யார்? கத்தரினா மாமி.

மாமி சுவாமிக்கு மறுப்புச் சொல்லிப் பழகாதவர். நேரே என்னிடம் வந்தார். நான் கம்பஸ் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். எங்கள் கம்பஸ் சுவர்ப் பத்திரிகையில் நான் நக்கலாக எழுதுவதால் விரிவுரையாளர்கள் சிலர் என்னோடு பேசுவதில்லை என்பது மாமிக்கும் தெரிந்திருந்தது. அது ஒரு தகுதி என்று நினைத்தார்.

"கில்பட் தம்பி, நல்ல உருக்கமா ஒரு பேச்சு எழுதித் தா. சுவாமி அழவேணும். ஆனா என்ர தொழில்ல கை வைச்சிராத."

எனக்கு இதில் ஒரு சொந்த அலுவல் இருந்தது. அக்கா டப்பாவை விட வேண்டுமானால், அந்த நிறத்துக்கு வந்து சேரத் தேவையில்லை என்று மாமியின் வாயால் வர வேண்டும். அம்மா சொன்னால் கேட்க மாட்டாள், டொக்டர் சொன்னால் கேட்க மாட்டாள். கலியாண விசயத்தில் இந்தக் கரையில் செல்லுபடியாகும் வாய் ஒன்றே ஒன்றுதான்.

அதனால் மாமி வாசிப்பதற்கென்று எழுதினேன். 'நம்மில் சிலர் கறுப்பைக் கறுப்பு என்று சொல்லக் கூச்சப்பட்டு அதற்குப் பொது நிறம் என்று பெயர் வைத்தோம். பெயரை வைத்துவிட்டு, பெண்ணை அந்தப் பெயருக்குத் தக்கதாக மாறச் சொன்னோம். மாப்பிள்ளைகள் மட்டும் தார் பூசிய வள்ளங்களில் இருந்து இறங்கி வந்து வெள்ளை கேட்கிறார்கள்.' இப்படியே மூன்று பக்கம்.

மாமி எங்கள் மேசையில் இருந்து சிவப்புப் பேனையால் திருத்தினார். 'சிலர்' என்பது தன்னைக் குறிக்கும் என்று வெட்டினார். வள்ளத்தை வெட்டினார், மீனவர் சங்கத்துக்குக் கோபம் வருமாம். மணிக்கூட்டை வெட்டினார், ஊர் இரகசியமாம். ஸ்டூடியோவை வெட்டினார், ஸ்டூடியோக்காரன் அவருடைய மருமகனுக்குத் தம்பி. கடைசியில் மூன்று பக்கத்தில் மிஞ்சியது, எல்லா நிறமும் ஆண்டவர் தந்தது என்பதும் நன்றி வணக்கமும்தான். "இப்பதான் பேச்சு மாதிரி இருக்கு" என்றார்.

எழும்பும்போது, விழாவுக்கு மெரினாவையும் வரச் சொல்லியிருப்பதாக அம்மாவின் காதில் சொன்னார். பெண்ணை முதலில் பொது இடத்தில் தூர நின்று பார்ப்பதுதான் முறை. பிடிக்காவிட்டால் பார்க்கவேயில்லை என்று சொல்லிவிடலாம், இரண்டு வீட்டுக்கும் மரியாதை கெடாது. டயனா சர்பத் பரிமாறட்டும், மெரினா இரண்டாம் வரிசையில் இருப்பார்.

அதாவது நிறம் பார்க்கக் கூடாது என்று மேடையில் மாமி பேசும்போதே, கீழே மாமியின் ஏற்பாட்டில் நிறம் பார்க்கப்படும். இதை நான் எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறேன் என்று சுவர்ப் பத்திரிகைக்காரர்களே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

விழாவன்று பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் பின்னால் சுவரோரமாக நின்றார்கள். அக்கா முகத்தில் தடிப்பாகப் பவுடர் போட்டிருந்தாள், அதற்குக் கீழே கன்னம் கொதித்தது. முழுக்கைச் சட்டை, கையில் மணிக்கூடு. காலையில் அவளிடம் நான் கேட்டேன்: இன்றைக்கு மெரினா மாமிக்குப் பிடித்துவிட்டால் டப்பாவை எப்போது நிப்பாட்டுவாய்? பெண் பார்க்க வீட்டுக்கு வருவார்களே, அதுவரைக்கும் என்றாள். அதுக்குப் பிறகு? கலியாணம் இருக்கே என்றாள். சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டவள் போல் மணிக்கூட்டுப் பட்டியைக் குனிந்து பார்த்தாள்.

கத்தரினா மாமி மைக்குக்கு முன்னால் நின்று தாளை விரித்தார். "அன்பான சுவாமி அவர்களே, சகோதரிகளே, நிறம் எண்டது ஆண்டவர் தந்த கொடை." குரலில் உருக்கம் இருந்தது. சுவாமி தலையை ஆட்டினார். அக்கா தட்டோடு இரண்டாம் வரிசைக்குப் போனாள். மெரினா மாமி ஒரு கிளாஸை எடுத்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், திருப்தி வரவில்லை போல. சிரித்தபடி, "மணி என்ன மகள்?" என்று கேட்டார்.

மேடைக்கு நேர் மேலே ஒரு பெரிய சுவர் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா சொன்னாள். மெரினா மாமி கையை நீட்டினார். "நல்ல மணிக்கூடு. எங்க காட்டு பாப்பம்."

அக்கா தட்டைக் கதிரையில் வைத்தாள். அவர் தள்ளிப் பார்க்கும்வரை காத்திருக்கவில்லை. சட்டைக் கையை மடித்து, பட்டியைத் தானே கழற்றி, மணிக்கட்டை அவருக்கு முன்னால் நீட்டினாள். பட்டி இருந்த இடம் முழுவதும், அவித்து உரித்த இறால் மாதிரி சிவந்து பளபளத்தது. ஓரத்தில் தோல் வெடித்திருந்தது.

மெரினா மாமி பயந்து கையை இழுத்துக்கொண்டார். "ஆண்டவரே, என்ன மகள் இது?"

"நிறம், மாமி" என்றாள் அக்கா. "நீங்க பாக்கிற இடம் எண்டு இதில கூடப் பூசினனான்."

அவள் கத்தவில்லை. நாற்பது பிள்ளைகளை அடக்கும் அதே குரல்தான், அது மண்டபத்தின் கடைசி வரைக்கும் போகும். முன்வரிசைப் பெண்கள் திரும்பினார்கள். அவர்களில் சிலர் தங்கள் மணிக்கூட்டின் மேல் மற்றக் கையை வைத்தார்கள்.

மேடையில் பேச்சு நின்றிருந்தது. மாமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைப் பார்த்தார். அதில் மிச்சம் இருந்தது நன்றி வணக்கம் மட்டும்தான். அதைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகினார்.

"இந்தப் புள்ளைக்கு நான்தான் சொன்னனான்" என்றார். மைக் இரைந்தது, கொஞ்சம் தள்ளி நின்றார். "அவவுட்ட பொது நிறம் எண்டு சொல்லீட்டன், நீ அதுக்குள்ள வந்து சேர் எண்டு. நான் ஒவ்வொரு வீட்டிலயும் அப்பிடித்தான் சொல்லுறனான். உங்களுக்குத் தெரியும்தானே, எனக்கும் தெரியும். ஸ்டூடியோவில வெளிச்சம் கூட்டச் சொல்லுறது நான். பெண் பாக்கிறதை விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போடுறது நான். நிறம் குறைஞ்சா எஞ்சினைக் கேளுங்க எண்டு அங்கால மாப்புள பக்கம் சொல்லிக் குடுக்கிறதும் நான்தான்."

அப்பா பின்னால் சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து நின்றார்.

"நான் பொய் சொல்லிச் சேத்து வைக்கிறன், நல்லதுக்குத்தானே எண்டு நினைச்சன். பொய்யை நான் சொல்லுறன், எரியிறது இந்தப் புள்ளைகள்ர தோல். நஃபீஸா மிஸ் இஞ்ச இருக்கிறா. டப்பா வைச்சிருக்கிற ஆக்கள் அவவைப் பாருங்க. சட்டெண்டு நிப்பாட்டாதீங்க, அவ சொல்லுறபடி நிப்பாட்டுங்க. இனி என்னட்ட வந்து புள்ள என்ன நிறம் எண்டு கேட்டா, கறுப்பு எண்டா கறுப்பு எண்டு சொல்லுவன். சொல்லீட்டு மாப்புள என்ன நிறம் எண்டு கேப்பன். கையைப் பிடிச்சுப் பட்டியைத் தள்ளிப் பாக்கிற வீட்டுக்கு நான் சம்பந்தம் கொண்டுபோக மாட்டன்."

பின்னால் இருந்து மீனவர் சங்கத் தலைவரின் குரல் வந்தது: "மாப்புளேட நிறத்தைக் கேட்டா இந்தக் கரையில ஒருத்தனுக்கும் கலியாணம் நடக்காது மாமி."

முதலில் சிரித்தது சுவாமி. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு பெண் எழும்பி நஃபீஸா மிஸ்ஸின் பக்கத்துக் கதிரைக்கு மாறினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. மிஸ் தன் கைப்பையை மடியில் எடுத்து இடம் விட்டார். மெரினா மாமி மட்டும் சிரிக்கவில்லை. சர்பத்தைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு அலுமாரிக் களிம்பை எடுத்தாள். அன்று பூசும்போது அழுதாள், எரிச்சலுக்கு என்றாள். மாம்புரிச் சம்பந்தம் முடிந்தது என்று அம்மா சொன்னார். அக்கா ஸ்கூட்டியைக் கழுவவில்லை.

அடுத்த கிழமை கிளினிக்கில் சலச் சோதனையின் முடிவு கிடைத்தது. பாதரசம் இல்லை. அம்மா இன்னொரு மெழுகுதிரி ஏற்றினார். இந்தத் தடவை மாதா குழம்பியிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் றொகான் வந்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் அல்ல, நல்ல வெளிச்சத்தில். கத்தரினா மாமியும் வந்தார், ஆனால் வாசலில் நின்றுகொண்டு, தான் கூட்டிவரவில்லை, அவன்தான் தன்னைக் கூட்டிவந்தான் என்று எல்லோருக்கும் அறிவித்தார். மெரினா மாமி வரவில்லை. அக்கா பவுடர் போடாமல் வந்து கதிரையில் இருந்தாள். டொக்டர் முன்பே சொன்னபடி முகம் இப்போது திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது, நடுவில் சிவப்பு. ஸ்டூடியோ நிலாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

றொகான் பார்த்தான். கண்ணைத் தாழ்த்தவில்லை. "இன்னும் எரியுதா?" என்று கேட்டான்.

"முந்தின மாதிரி இல்ல."

"அம்மா நிறம் கேட்டது எனக்குத் தெரியாது எண்டு சொல்ல நான் வரேல்ல" என்றான். "படத்தைப் பாத்திட்டு நல்ல நிறம் எண்டு நானும்தான் சந்தோசப்பட்டனான். உங்களைக் கரோலில பாத்தும் அந்தப் படத்தை நம்பினன். அதுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தனான்."

பேச வேண்டிய முறை மாப்பிள்ளை வீட்டாருடையது. பிடித்திருக்கிறது என்றோ, யோசித்துச் சொல்கிறோம் என்றோ அவர்கள்தான் சொல்வார்கள். பெண் எழும்பிப் போய்விட வேண்டும். அக்கா எழும்பவில்லை.

"எனக்கு என்ர முகம் திரும்பி வரவேணும்" என்றாள். "அது வந்த பிறகுதான் நான் யோசிப்பன். அதுவரைக்கும் பொறுக்க ஏலுமெண்டா பொறுங்க. ஏலாட்டி மாமி வேற புள்ள காட்டுவா."

அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மூடினார். றொகான் கொஞ்சம் யோசித்தான். பொறுக்கலாம் என்றான். போகும்போது ஸ்கூட்டியின் சத்தம் சரியில்லை, வால்வைப் பார்க்க வேண்டும் என்றான். அது பிளக்தான், வால்வு நன்றாக இருக்கிறது என்றாள் அக்கா. வெயிலில் போக வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்ததால், இருவரும் வாசலுக்கு இந்தப் பக்கமாகவே நின்று அதைப்பற்றி நீண்ட நேரம் சண்டை பிடித்தார்கள்.

கத்தரினா மாமியின் தொழில் கொஞ்சக் காலம் படுத்தது. இரண்டு வீட்டார் சிலாபத்துத் தரகரிடம் போனார்கள். நிறம் கேட்டவர்களிடம் மாமி மாப்பிள்ளையின் நிறத்தைக் கேட்க, ஒருவர் தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனார். ஆனால் மழைக்குப் பிறகு மாமி திரும்பவும் எங்கள் வெளிக் கதிரைக்கு வந்தார். முகத்தில் ஒரு திகைப்பு இருந்தது.

"மெரினா கோல் எடுத்தவ" என்றார் அம்மாவிடம். "இத்தனை வருசத்தில ஒரு மாப்புளேட தாயும் என்னட்டக் கேட்காத கேள்வி. 'அந்தப் புள்ளைக்கு எங்கட பெடியனைப் பிடிச்சிருக்கா?' எண்டு கேக்கிறா. என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்ல. இதுக்கு என்னட்ட வசனம் இல்ல."

அக்கா உள்ளே கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கன்னத்தில் சிவப்பு அடங்கியிருந்தது. அப்பாவின் நிறம் நெற்றியில் இருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் விரலால் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, மாமிக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"பிடிச்சிருக்கு எண்டு சொல்லுங்க" என்றாள். "வால்வைப்பற்றி ஒண்டும் தெரியாதெண்டும் சொல்லுங்க."